நல்ல நாளும் நான்கு கேள்விகளும்: மறதிநோய் தொடங்கியவர் எழுதும் உயில்

"அன்னைக்கு அம்மா நல்லா தெளிவாத்தான் இருந்தாங்க." உயில் வழக்குகளில் பிள்ளைகள் ஒரு பக்கம் இப்படிச் சொல்வார்கள். எதிர்ப்பக்கம் நிற்கும் இன்னொரு பிள்ளை, "அம்மாவுக்கு ரெண்டு வருசமாவே எங்களையே அடையாளம் தெரியல" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லாமல் இருக்கலாம். மறதிநோயின் தொடக்கக் கட்டத்தில் காலையில் தோட்டத்துப் பழைய கதைகளைப் பெயரும் ஊருமாகச் சொல்லும் பாட்டி, மாலையில் தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று கேட்பார். சட்டம் கேட்பது இந்த இரண்டில் எது உண்மை என்பதை அல்ல. கையெழுத்திட்ட அந்த வேளையில், அந்தக் குறிப்பிட்ட காரியத்தைச் செய்வதற்கு வேண்டிய புத்தி இருந்ததா என்பதைத்தான் அது கேட்கிறது.

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் பால் மரம் வெட்டி ஓய்ந்த தலைமுறைக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமாக இருந்தவரை எழுதி வைக்க அவர்களிடம் பெரிதாக எதுவும் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் சிறிய வீடு வாங்கியவர்களுக்குத்தான் முதன்முறையாக கிராண்ட் என்ற ஒன்று கைக்கு வந்தது. அதோடு கொஞ்சம் நகை, வங்கியில் நிரந்தர வைப்பு, சிலரிடம் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குகள். பெரிய சொத்தில்லை. ஆனால் ஒரே வீடு, மூன்று பிள்ளைகள் என்றால் சண்டை அந்த ஒரு வீட்டைப் பற்றியே வரும்.

மலேசியாவின் 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. மற்றவர்களில் நல்ல மனநிலை உள்ள எவரும் உயிலால் தம் சொத்தைக் கொடுக்கலாம் என்கிறது அது. நல்ல மனநிலை என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கவில்லை. இந்தியாவின் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் கொஞ்சம் தாராளமாகப் பேசுகிறது. வழக்கமாகப் புத்தி பேதலித்திருப்பவரும் தெளிந்திருக்கும் இடைவேளையில் உயில் எழுதலாம் என்று 59ஆம் பிரிவின் விளக்கம் வெளிப்படையாகவே சொல்கிறது. மலேசியாவில் அந்த வாசகம் இல்லை. இங்கே அளவுகோலைத் தருவது பொதுச் சட்டம். அந்த அளவுகோல் இங்கிலாந்தின் வடக்கே கெசிக் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜான் பேங்க்ஸ் என்ற மனிதரின் கதையிலிருந்து வந்தது.

பேங்க்ஸ் 1841இல் சில மாதங்கள் மனநோய் விடுதியில் இருந்தவர். வெளியே வந்த பிறகும், எப்போதோ செத்துப்போன ஒருவன் தன்னைத் துரத்துகிறான், பேய்கள் தன்னைத் துன்புறுத்துகின்றன என்று நம்பிக்கொண்டே இருந்தார். 1863இல் தன்னோடு வாழ்ந்த உடன்பிறந்தவர் மகளுக்குத் தன் 15 வீடுகளையும் எழுதி வைத்தார். அவர் மறைவுக்குப் பின் வழக்கு வந்தது. 1870இல் தலைமை நீதிபதி காக்பர்ன் அந்த உயில் செல்லும் என்றார். பேய் நம்பிக்கை பேங்க்ஸின் மனத்தில் இருந்தது உண்மை, ஆனால் வீடுகளை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை அது தொடவில்லை என்பதே காரணம். நோய் இருந்ததா என்ற கேள்வியை விட்டுவிட்டு, நோய் இந்த முடிவுக்குள் புகுந்ததா என்று கேட்டதுதான் அந்தத் தீர்ப்பு செய்த மாற்றம்.

அதிலிருந்து பிறந்தவை நான்கு கேள்விகள். உயில் என்றால் என்ன, தன் மறைவுக்குப் பின் அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியுமா? தன்னிடம் இருப்பது ஏறத்தாழ என்ன என்று தெரியுமா? தன்னிடம் எதிர்பார்க்க உரிமையுள்ளவர்கள் யார் யார் என்பதை மனத்தில் நிறுத்தி எடைபோட முடிகிறதா? மனக் கோளாறு ஏதாவது அவருடைய பாசத்தையோ நியாய உணர்வையோ கெடுத்து, அவர் மற்றபடி செய்திருக்க மாட்டாத ஒன்றைச் செய்ய வைக்கிறதா? இன்று என்ன தேதி, பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்பவை இந்த நான்கில் இல்லை. தேதி தெரியாத பாட்டி உயில் எழுதலாம். மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை இருப்பதையே மறந்த பாட்டி, தேதியைச் சரியாகச் சொன்னாலும் எழுத முடியாது.

உயிலைக் கொண்டுவருபவர்தான் அதைத் தாங்க வேண்டும். 1997இல் டாக்டர் சண்முகநாதன் எதிர் பெரியசாமி வழக்கில் வந்த தீர்ப்பை மலேசிய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாள்கின்றன. எழுதியவருக்கு ஆற்றல் இருந்தது, முறைப்படி கையெழுத்தானது, சூழலில் உள்ள சந்தேகங்கள் விலகின என்பதை எல்லாம் நிரூபிக்கும் சுமை உயிலை முன்வைப்பவர் தலையில். வற்புறுத்தல், மோசடி, போலி என்று குற்றம் சாட்டுபவர் அதைத் தாமே நிரூபிக்க வேண்டும். நம் குடும்பங்களில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "எழுதின உயில் இருக்கு, முடிஞ்சா உடைச்சுப் பாரு" என்று வீடு பெற்ற பிள்ளை நிம்மதியாக இருக்கிறார். மறதிநோய் என்று ஒரு மருத்துவமனைக் குறிப்பு வெளியே வந்ததும் அந்த நிம்மதி போய்விடும். அன்று அம்மா எப்படி இருந்தார் என்பதற்குச் சான்று தேட வேண்டியவர் அவரேதான்.

அப்போதுதான் "நல்ல நாள்" வாதம் வருகிறது. சட்டப் புத்தகங்களில் தெளிந்த இடைவேளை என்பது பழைய கருத்து. மனநோய் விட்டுவிட்டு வரும் என்று 18ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள், சில நோய்களில் அது உண்மையும்கூட. மறதிநோய்க்கு அது எவ்வளவு பொருந்தும்? கனடாவைச் சேர்ந்த முதியோர் மனநல மருத்துவர் கென்னத் ஷுல்மனும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் இதை நேராக ஆராய்ந்தார்கள். மறதிநோயில் ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனால் ஏறி இறங்குவது பெரும்பாலும் விழிப்பும் கவனமும்தான் என்று கண்டார்கள். புதிய நினைவைப் பிடித்து வைப்பதும், பலவற்றை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து எடைபோட்டு முடிவெடுப்பதும் ஒரு காலைக்கு மட்டும் திரும்பி வருவதில்லை. மூன்றாவது கேள்விக்கு வேண்டியது இந்த எடைபோடும் ஆற்றல்தான். நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்துத் திருநீறு பூசி, வந்தவரை வரவேற்று, காபி குடிக்கச் சொல்லும் அம்மா அன்று விழிப்போடு இருக்கிறார். அந்த விழிப்பைப் பார்த்து ஆற்றல் திரும்பிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பழகிய மரியாதையும் பழைய கதையும் மறதிநோயில் கடைசியாகப் போகிறவை என்பதால் வழக்கறிஞரும் ஏமாறுகிறார்.

இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு, அதை விட்டால் முதியவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, அறுவை, சில தூக்க மாத்திரைகள், சளி மாத்திரைகள் ஆகியவற்றால் முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வரும். மருத்துவர்கள் டெலிரியம் என்பது அதைத்தான். மறதிநோய் உள்ளவருக்கு அது எளிதில் வரும். இடுப்பெலும்பு முறிந்து வார்டில் கிடக்கும் பாட்டி, செத்துப்போன கணவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். தொற்று தீர்ந்து, மாத்திரை நிறுத்தி, சில வாரம் கழித்துப் பார்த்தால் பழைய நிலைக்கு வந்திருப்பார். அது மெய்யான மீட்சி. வார்டில் எழுதிய உயில் ஆபத்தானது, வீடு திரும்பி நிதானப்பட்ட பின் எழுதியது வேறு விஷயம். லூயி பாடி வகை மறதிநோயிலும் கவனம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் பெரிதாக ஏறி இறங்கும். ஆகவே மருத்துவரிடம், அம்மாவுக்கு நல்ல நாள் உண்டா என்று கேட்பதைவிட, இவருக்கு இருப்பது என்ன நோய், இப்போது இவர் தம் வழக்கமான நிலையில் இருக்கிறாரா, கீழே விழுந்த நிலையில் இருக்கிறாரா என்று கேட்பது பயனுள்ளது.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். ரந்தாவ் பக்கம் 78 வயதுப் பாட்டி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாவதோடு நின்றவர், நாற்பது வருடம் பால் மரம் வெட்டியவர். கணவர் இறந்துவிட்டார். மூத்த மகன் கிள்ளானில், இளையவர் சிங்கப்பூரில், மகள் கூடவே. ஆரம்பக் கட்ட அல்சைமர் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டை மகளுக்கும், வைப்புப் பணத்தையும் நகையையும் மகன்களுக்கும் கொடுக்க நினைக்கிறார்.

முதல் இடறல் கிளினிக்கிலேயே காத்திருக்கிறது. முப்பது மதிப்பெண் கொண்ட மனநிலைச் சோதனையில் அவர் 20 எடுத்தார் என்று வையுங்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஆற்றல் இல்லை என்று எழுதினால் பிழை. அந்தச் சோதனை ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது, கோணங்களை வரையச் சொல்கிறது, கணக்குக் கேட்கிறது. மூன்றாவது வரை படித்தவர், எண்பதை நெருங்கும் வயதில் மலாயில் கேட்கப்பட்டு, நோயில்லாமலேயே பல மதிப்பெண்களை இழப்பார். மறுபக்கம், நிறையப் படித்த ஒருவர் 27 எடுத்துவிட்டு, தன் மகன் தன்னை நஞ்சு வைத்துக் கொல்லப் பார்க்கிறான் என்று நம்பி உயில் எழுதலாம். எண் நோயின் பின்னணியைக் காட்டும். நான்கு கேள்விக்கு விடை சொல்லாது. குறைந்த படிப்பு உள்ளவர்களுக்கென்று சிங்கப்பூரில் உருவான பத்துக் கேள்விச் சோதனை மலேசியக் கிளினிக்குகளில் புழங்குகிறது. அதுவும் வாசல்தான், வீடு இல்லை.

இரண்டாவது இடறல் மொழி. மருத்துவருக்குத் தமிழ் தெரியாதபோது மொழிபெயர்க்க உட்காருவது பெரும்பாலும் கூட வந்த மகள், அதாவது வீட்டைப் பெறப்போகிறவர். "வீட்ட எனக்குத்தானே குடுக்கிறீங்கம்மா?" என்று அவர் கேட்க, "ஆமா" என்று அம்மா தலையாட்ட, மருத்துவர் ஆங்கிலத்தில் அவர் புரிந்துகொண்டார் என்று எழுதிவிடுகிறார். மகள் கெட்டவரில்லை. ஆனால் பிறகு நீதிமன்றத்தில் அந்தக் குறிப்புக்கு எடை கிடையாது. மருத்துவமனையில் தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ கிடைக்காத நாளில், சொத்தில் பங்கில்லாத ஒருவரை அழைத்துவர வேண்டும். மகள் வெளியே உட்கார வேண்டும். காது கேட்கும் கருவியும் மூக்குக் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும். மாலை நேரத்தில் குழம்புபவர் என்றால் காலையில் வர வேண்டும். இவ்வளவு சின்ன விஷயங்களில்தான் நல்ல சான்று உருவாகிறது.

மூன்றாவது இடறல், "உடலும் மனமும் நலமாக உள்ளார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ். இதைப் போலப் பயனற்ற காகிதம் வேறில்லை. மருத்துவர் எதை நோக்கிப் பரிசோதித்தார் என்றே அதில் இல்லை. வழக்கறிஞர் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதில் அந்த நான்கு கேள்விகள், பாட்டிக்கு உள்ள சொத்துகள், பிள்ளைகள் யார், முன்பு உயில் உண்டா, இப்போது என்ன மாற்றம் என்று இருக்க வேண்டும். விடை சரியா தப்பா என்று மருத்துவருக்குத் தெரிய இது அவசியம். மூன்று பிள்ளை என்று தெரியாத மருத்துவரிடம் பாட்டி இரண்டு பிள்ளை என்று சொன்னால், அவர் அதையும் ஒழுங்காகக் குறித்துக்கொள்வார்.

கேள்விகள் ஆமா, இல்லை என்று முடியக் கூடாது. "இந்தக் காகிதம் எதுக்கு பாட்டி?" என்றால், "நான் போனப்புறம் வீடு யாருக்குன்னு எழுதுறது. இப்ப இல்ல, போனப்புறம்" என்கிறார். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விடை வழக்கறிஞரிடமிருந்தும் வராது. "உங்ககிட்ட என்னென்ன இருக்கு?" என்றால் வீட்டைச் சொல்கிறார், பேங்கில் எவ்வளவு என்று தெரியவில்லை, "மகளுக்குத் தெரியும், ஏதோ முப்பதாயிரம் கிட்ட" என்கிறார். இதுவும் போதும். சென் கணக்கில் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. தோட்டப்புறக் குடும்பங்களில் கிராண்ட் இன்னும் இறந்த கணவர் பெயரிலேயே கிடப்பதுண்டு. கணவர் உயிலின்றி இறந்திருந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லாதபோது, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. "வீடு என்னுது" என்று பாட்டி சொன்னால் அது மறதி அல்ல, வாழ்ந்த வீடு என்ற அர்த்தத்தில் சொல்கிறார். அதைத் திருத்துவது வழக்கறிஞர் வேலை, ஆற்றலுக்கு எதிரான சான்றாக அதை எடுக்கக் கூடாது. ஊழியர் சேமநிதியில் பாக்கி இருந்தால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அது நியமனதாரருக்கே போகும் என்பதையும், உயில் அதைத் தொடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

நான்காவது கேள்விக்கு வரும்போதுதான் இந்தப் பாட்டியின் விஷயம் கடினமாகிறது. மூத்த மகனைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் குரல் மாறுகிறது. "அவன் பொண்டாட்டி என் சங்கிலிய எடுத்துக்கிட்டா." அல்சைமரில் அடிக்கடி வரும் நம்பிக்கை இது. வைத்த இடம் மறக்கிறது, மறந்தது என்பதை மனம் ஏற்பதில்லை, அந்த ஓட்டையை அடைக்க ஒரு திருடர் தேவைப்படுகிறார். அடிக்கடி வீட்டுக்கு வரும் மருமகளோ பணிப்பெண்ணோ அந்தத் திருடராகிவிடுகிறார்கள். விசாரித்தால், சங்கிலி நான்கு வருடம் முன் பேத்தி கல்யாணத்துக்குப் பாட்டி தன் கையால் போட்டது. ஆக நம்பிக்கை தவறானது, உறுதியானது, நோயால் வந்தது. இங்கே மருத்துவர் நின்றுவிட்டால் உயில் செத்தது. நான் இந்த இடத்தில் எழுதி வைக்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: "சங்கிலி கெடச்சிருச்சுன்னு வைங்க பாட்டி. அப்ப வீட்ட யாருக்குக் குடுப்பீங்க?"

பாட்டி, "அப்பன்னா மூணு பேருக்கும் சமமாத்தான்" என்று சொன்னால், மகளுக்கு வீடு என்ற முடிவு அந்தத் திருட்டு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த உயிலை எழுதக் கூடாது. "அப்பவும் மகளுக்குத்தான். அவதான் ஒம்பது வருசமா என்னைக் குளிப்பாட்டி சோறு போடுறா. அவனுங்களுக்கு வீடு இருக்கு, இவளுக்கு இல்ல" என்று சொன்னால், நம்பிக்கை இருந்தும் அது முடிவைத் தொடவில்லை. பேங்க்ஸின் பேய்களைப் போலப் பாட்டியின் சங்கிலியும் உயிலுக்கு வெளியே நிற்கிறது. அவர் சொன்னதை, சொன்ன தமிழிலேயே, மேற்கோளாக எழுதிக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு கீழே வரலாம். நான்கு ஆண்டுகள் கழித்து நீதிபதி படிக்கப்போவது மருத்துவரின் கருத்தை அல்ல, இந்த வாக்கியத்தை.

இரண்டு மூன்று வாரம் கழித்து வழக்கறிஞர் மறுபடியும் தனியாகக் கேட்பது நல்லது. முன்பு சொன்னது பாட்டிக்கு நினைவில்லாமல் இருக்கலாம். ஆனால் அதே கேள்விக்கு, அதே காரணத்தோடு, அதே முடிவுக்கு வந்தால், அது ஒரு நல்ல நாளின் விபத்து அல்ல, அவருடைய நிலையான விருப்பம். நல்ல நாளைவிட இந்தத் தொடர்ச்சிக்கு நான் அதிக எடை கொடுப்பேன். அறிவுறுத்தல் கொடுத்த நாளில் ஆற்றல் இருந்து, கையெழுத்திடும் நாளில் தளர்ந்துபோனாலும், தான் முன்பு சொன்ன உயிலில்தான் கையெழுத்திடுகிறோம் என்ற அளவு புரிதல் இருந்தால் போதும் என்று 1883இல் பார்க்கர் எதிர் ஃபெல்கேட் வழக்கு ஒரு வழியைத் திறந்தது. அந்த வழியில் நடக்கக் கவனம் வேண்டும். ஃபீஜியில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் கடும் நோயில் கிடந்தபோது எழுதப்பட்ட உயில் பிரிவி கவுன்சில் வரை போனது. பட்டன் சிங் எதிர் அமீர்சந்த் என்று 1948ஆம் ஆண்டு அறிக்கைகளில் அது இருக்கிறது. தனக்கு உறவினரே இல்லை என்று அந்த உயில் சொன்னது, அவருக்கோ உடன்பிறந்தவர் பிள்ளைகள் இருந்தார்கள். உயில் விழுந்தது. வழக்கறிஞரிடம் அறிவுறுத்தலை வேறொருவர் கொண்டுபோய்ச் சொல்லும்போது பார்க்கர் வழியை மிகுந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும் என்றும் பிரிவி கவுன்சில் சொன்னது. நம் வீடுகளில் லோயரிடம் போய், "அம்மா இப்படி எழுதச் சொன்னாங்க" என்று சொல்வது வேறு யார்? பிள்ளைதானே.

முதியவர், நோயாளி என்றால் மருத்துவர் ஒருவர் பரிசோதித்துப் பதிந்து, முடிந்தால் சாட்சியாகவும் கையெழுத்திட வேண்டும் என்பதை இங்கிலாந்து நீதிபதி டெம்பிள்மன் 1975இல் பொன்விதி என்றார். மலேசிய வழக்கறிஞர்கள் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அது கேடயம் அல்ல. 2006இல் ஷார்ப் எதிர் ஆடம் வழக்கில் வழக்கறிஞரும் மருத்துவரும் கவனமாக நடந்தும், கடும் நரம்பு நோயில் பேச்சிழந்த தந்தை தன் மகள்களை முற்றிலும் விலக்கிய உயிலை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆற்றல் இருந்தது என்பதற்குச் சான்று போதவில்லை. விதியைப் பின்பற்றினோம் என்பதைக் காட்டிலும், விடை என்ன வந்தது என்பதே அங்கும் தீர்மானித்தது.

கையெழுத்து நாளில் தவறுகள் வேறு விதம். பாட்டி ரேகை வைக்கலாம், அது செல்லும், ஆனால் ஆங்கிலத்தில் உள்ள உயிலைத் தமிழில் வாசித்துக் காட்டியதும் அவர் தலையசைக்காமல் தன் வாயால் திரும்பச் சொன்னதும் பதிவாக வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் அருகே இருந்து பார்க்க வேண்டும். மகளின் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும், மகளுக்கான வீடு மட்டும் போய்விடும். சாட்சிக்கோ சாட்சியின் துணைவருக்கோ கொடுத்த கொடை செல்லாது என்பது சட்டம். ஆற்றலைப் பற்றி இவ்வளவு பாடுபட்டு, இந்த ஒரு கையெழுத்தில் கவிழ்வது வேதனை. கைபேசியில் எடுத்த காணொளியை நம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். பின்னால் இருந்து யாரோ "சொல்லுங்கம்மா, வீடு யாருக்கு?" என்று கேட்பது அதில் கேட்டால், காணொளி எதிர்த்தரப்பின் சான்றாகிவிடும்.

உயில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். முன்பே செல்லத்தக்க உயில் ஒன்று இருந்தால் அது உயிரோடு இருக்கும், ஏனென்றால் அதை ரத்து செய்த புதிய உயிலே செல்லவில்லை. இல்லாவிட்டால் பங்கீட்டுச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சமம். மகளுக்கு வர வேண்டிய முழு வீடு மூன்றில் ஒரு பங்காகும். அண்ணன் விற்க வேண்டும் என்றால், ஒன்பது வருடம் அம்மாவைப் பார்த்த வீட்டிலிருந்து அவர் வெளியேற வேண்டி வரும்.

பாட்டி இறந்து, கிள்ளானிலிருந்து மூத்த மகன் தன் வழக்கறிஞரோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக் கோப்பில் அல்சைமர் என்று இருக்கிறது, சோதனை மதிப்பெண் 20 என்று இருக்கிறது, மருமகள் சங்கிலியைத் திருடினார் என்ற நம்பிக்கையும் எழுதியிருக்கிறது. வழக்குக்கு வேண்டியது எல்லாம் கையில் இருப்பதாக அவருக்குத் தோன்றும். அந்த வழக்கறிஞர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அங்கே தேதி, காலை மணி, அறையில் யார் இருந்தார்கள், யார் மொழிபெயர்த்தார் என்பதெல்லாம் குறித்திருக்கும். அதற்குக் கீழே, சங்கிலி கிடைத்துவிட்டால் வீடு யாருக்கு என்ற கேள்வியும், பாட்டியின் பேச்சுத் தமிழில் அவர் சொன்ன விடையும் இருக்கும்.